67 டன் தங்கமும் 22 நாளும்

1991ல நாடே நகையை அடகு வெச்சதுன்னு எங்க அப்பா அடிக்கடி சொல்வார். அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல. இந்த எபிசோடுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல்ல நடப்புக் கணக்குப் பற்றாக்குறைன்னா என்ன? நாம வெளிநாட்டுல 100 டாலருக்கு வாங்குறோம். ஏற்றுமதியில 80 டாலர் வருது, வளைகுடாவுல வேலை பார்க்கிறவங்க வீட்டுக்கு 10 டாலர் அனுப்புறாங்க. மீதி 10 டாலர்தான் பற்றாக்குறை. விற்கிறவன் ரூபாய் வாங்க மாட்டான். அதனால அந்த 10 டாலரை யாராவது கடனா தரணும், இங்க முதலீடா போடணும், இல்லன்னா ரிசர்வ் வங்கி கையிருப்பிலிருந்து எடுக்கணும். வேற வழியே கிடையாது.

எண்பதுகள்ல இந்தியா பெரும்பாலும் கடன்லதான் ஓட்டுச்சு. அதுல ரெண்டு வகை ஆபத்தானது. ஒண்ணு, அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய குறுகிய காலக் கடன். இன்னொண்ணு, அதிக வட்டிக்காக வெளிநாடுவாழ் இந்தியர்கள் போட்ட டெபாசிட். ரெண்டுமே பயம் வந்தா உடனே கிளம்பிடும்.

ஆகஸ்ட் 1990ல ஈராக் குவைத்துக்குள்ள புகுந்துச்சு. எண்ணெய் விலை ஏறுச்சு, அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த பணம் நின்னுச்சு. 1990-91 பற்றாக்குறை சுமார் 970 கோடி டாலர், ஜிடிபியில 3 சதவீதம். இந்த அளவு மட்டுமே நாட்டைக் கவிழ்த்திருக்காதுன்னு நினைக்கிறேன். கடன் கொடுத்தவங்க புதுப்பிக்க மறுத்தாங்க, டெபாசிட் போட்டவங்க எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் அடி. ஜூன் 1991 வாக்கில் கையிருப்பு இரண்டு, மூணு வார இறக்குமதிக்குத்தான் இருந்துச்சு.

தங்கம் ரெண்டு தவணையா போச்சு. மே மாசம், கடத்தல்காரங்ககிட்ட பறிமுதல் பண்ணின 20 டன் ஸ்டேட் வங்கி மூலமா சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போச்சு. சரியா சொன்னா அது அடகு இல்ல, திரும்ப வாங்கிக்கிற உரிமையோட விற்பனை. ஜூலையில ரிசர்வ் வங்கி சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கிக்கு விமானத்துல அனுப்புச்சு. அதுதான் அசல் அடகு. ரெண்டும் சேர்ந்து கிடைச்சது ஏறக்குறைய 60 கோடி டாலர்.

இப்ப கணக்கு. வருஷத்துக்கு 970 கோடி பள்ளத்துல 60 கோடி போட்டா 22 நாள் தாங்கும். அவ்வளவுதான். அந்த நாட்கள்ல எந்தத் தவணையும் தவறாம பார்த்துக்கிட்டாங்க. அதே ஜூலை 1, 3 தேதிகள்ல ரூபாய் மதிப்பையும் இறக்கினாங்க. பன்னாட்டு நிதியத்தோட கடன் பேச்சுவார்த்தையும் நடந்துச்சு.

2012-13ல பற்றாக்குறை 4.8 சதவீதம், அதாவது 1991ஐ விட மோசம். ஆனா யாரும் தங்கத்தைத் தூக்கிக்கிட்டு ஓடல. கையிருப்பு சுமார் 29,000 கோடி டாலர் இருந்துச்சு. ரூபாயும் சந்தைக்கு ஏத்த மாதிரி நகர விடப்பட்டிருந்துச்சு. ஆகஸ்ட் 2013ல டாலர் 68 ரூபாயைத் தொட்டப்போ, அந்த அடியை கஜானா முழுசா வாங்கல. பெட்ரோல் போடுற நம்மகிட்டயும் பங்கு வந்துச்சு.