தோல் பூச்சு மருந்துகளின் பொருந்தாமை

தோல் பூச்சு மருந்துகளின் பொருந்தாமை என்பது, முகப்பரு, கரும்புள்ளி போன்றவற்றுக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்படும் இரு மருந்துகளுள் ஒன்று மற்றொன்றைச் சிதைப்பதையோ, இரண்டும் சேர்ந்து தோலைப் புண்படுத்துவதையோ குறிக்கும். முன்னதில் மருந்து வீணாகிறது. பின்னதில் தோல் பாதிக்கப்படுகிறது.

வேதிச் சிதைவு

பென்சாயில் பெராக்சைடு வலிமையான ஆக்சிசனேற்றி ஆகும். முகப்பருவுடன் தொடர்புடைய பாக்டீரியாக்களை அது கொல்வதும் இப்பண்பினாலேயே. உயிர்ச்சத்து ஏ-யின் அமில வடிவமான டிரெட்டினாயினில் இரட்டைப் பிணைப்புகளின் நீண்ட தொடர் உள்ளது. ஒளியும் ஆக்சிசனேற்றமும் அத்தொடரை எளிதில் தாக்குகின்றன.

1998-இல் வெளியான ஆய்வொன்றில் 0.025% டிரெட்டினாயின் கூழும் 10% பென்சாயில் பெராக்சைடும் கலக்கப்பட்டு ஒளியில் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் டிரெட்டினாயினில் பாதிக்கு மேலும், 24 மணி நேரத்தில் 95 விழுக்காடும் சிதைந்தன. அடாப்பலீன் என்னும் மற்றொரு ரெட்டினாய்டு அதே நிலையில் சிதையவில்லை. எனவே அடாப்பலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே கூழாகவே விற்கப்படுகின்றன. டிரெட்டினாயினை அவ்வாறு சேர்ப்பதற்கு இரு மருந்துகளையும் சிலிக்கா நுண்ணுறைகளில் அடைக்க வேண்டியிருந்தது. அத்தகைய களிம்புக்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

உயிர்ச்சத்து சி-யான அசுக்கார்பிக் அமிலம் எளிதில் ஆக்சிசனேற்றம் அடைவது. பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்துப் பூசினால் அது பயன் தருமுன்பே செலவாகிவிடக்கூடும். குப்பியிலுள்ள நீர்மம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவது, அது காற்றினால் முன்பே ஆக்சிசனேற்றம் அடைந்துள்ளதைக் காட்டும்.

தோல் எரிச்சல்

ரெட்டினாலுடன் கிளைக்காலிக், சாலிசிலிக் அமிலங்களைப் பூசும்போது சிக்கல் வேறு வகையானது. அமிலங்கள் மேல்தோலின் இறந்த செல்களுக்கு இடையேயுள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன; ரெட்டினால் செல்கள் புதுப்பிக்கப்படுவதை விரைவுபடுத்துகிறது. இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் தோலின் காப்பு அடுக்கு குன்றி, எரிச்சல், வறட்சி, செதில் உதிர்தல் ஆகியவை தோன்றலாம்.

தமிழரிடையே பரவலாகக் காணப்படும் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவத்தல் தெளிவாகத் தெரியாது. எரிச்சல் ஆறிய பின் அவ்விடம் கருத்து, அக்கருமை பல மாதங்கள் நீடிக்கக்கூடும். கரும்புள்ளி நீங்கப் பூசியதே புதிய கருமைக்குக் காரணமாகலாம். எனவே சிவப்பு தோன்றும்வரை காத்திராமல், முகம் கழுவும்போது ஏற்படும் எரிவையே முதல் அறிகுறியாகக் கொள்ளுதல் வேண்டும்.

பிரித்துப் பூசுதல்

பொருந்தாத மருந்துகளை வெவ்வேறு வேளைகளில் பூசலாம். எடுத்துக்காட்டாக, மருத்துவர் 2.5% பென்சாயில் பெராக்சைடும் 0.025% டிரெட்டினாயினும் பரிந்துரைத்திருந்தால், முன்னதைக் காலையில் பூசி, மாலையில் முகத்தைக் கழுவி, உலர்ந்த பின் இரவில் டிரெட்டினாயினைப் பட்டாணி அளவு முகம் முழுவதும் பூசலாம். அமிலம் தேவைப்படின் டிரெட்டினாயின் பூசாத இரவுக்கு அதனை ஒதுக்கலாம். உயிர்ச்சத்து சி-யும் காலையில் பூசப்படுமாயின், பென்சாயில் பெராக்சைடைச் சில நிமிடங்களில் கழுவிவிடும் முகக்கழுவியாகப் பயன்படுத்தலாம்.

எரிவு தோன்றினால் அமிலத்தையும் ரெட்டினாய்டையும் நிறுத்தி, தோல் ஆறிய பின் ஒவ்வொன்றாகவே மீண்டும் தொடங்க வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் ரெட்டினாய்டுகளைத் தவிர்த்தல் வேண்டும்.