ஒதுக்கீடும் எழுத்தும்

கே.கே. நகர் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய நகர். வாரிய வீடு குலுக்கலில் விழுந்தவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்? “கொடுத்து வச்சவர்.” அதே ஆள் ஒரு மழை நாளில் முனுசாமி சாலையில் வண்டி சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், “தலையெழுத்து, யார் என்ன பண்ண முடியும்?” என்பார்கள். இந்த இரண்டையும் யாரும் இடம் மாற்றிச் சொல்வதில்லை. கால் உடைந்தவனைப் பார்த்துக் கொடுத்து வைத்தவன் என்றால் அது குத்தல். துருக்கியரின் கிஸ்மெத்துக்கும் அரபியரின் மக்தூபுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய இதுதான். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபோது இரண்டும் ‘விதி’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டன.

கிஸ்மெத்தின் வேர் அரபியில் இருக்கிறது. பங்கிடுவது, பங்கிட்டதில் ஒருவருக்கு வந்த பாகம் என்று பொருள். உருது வழியாகக் கிஸ்மத் என்று நமக்கும் பழகிய சொல். துருக்கியில் இதை அதிகம் கேட்பது கல்யாணப் பேச்சில்தான். பெண்ணுக்கு வரன் வந்தால் ‘கிஸ்மெத் வந்திருக்கிறது’ என்பார்கள். வரனே வராவிட்டால் கிஸ்மெத் ‘மூடிக் கிடக்கிறது’. நல்ல இடத்தை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணிடம், “கிஸ்மெத்தைக் காலால் உதைக்காதே” என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். மூடிக் கிடக்கலாம், திறக்கலாம், உதைத்துத் தள்ளவும் செய்யலாம் என்றால் அது என்ன விதி? வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை மாதிரி அது. வீடு உன் பெயருக்கு வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் முதலில் நீ விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும்.

மூடிய கிஸ்மெத்தைத் திறக்க இஸ்தான்புல்லில் ஓர் இடம் இருக்கிறது. பாஸ்பரஸ் கரையில் ருமேலி கவாகுக்குப் பக்கத்தில் தெல்லி பாபாவின் அடக்கத்தலம். ‘தெல்’ என்பது மணப்பெண்ணின் தலையலங்காரத்தில் தொங்கவிடும் ஜரிகை இழை. கல்யாணம் கூடாத பெண்கள் அங்கே வேண்டிக்கொண்டு ஓர் இழையை எடுத்துப் போவார்கள். திருமணம் முடிந்ததும் இழையோடு திரும்பி வந்து அதை அங்கேயே சேர்ப்பார்கள். நம் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் வரும் திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலிலும் இதே நடைமுறை. வேண்டுபவர் கொண்டுபோகும் மாலைகளில் ஒன்று பெருமாளுக்கு, இன்னொன்று அவர் கழுத்துக்கு. அதோடு ஒன்பது சுற்று வந்து, மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானபின் ஜோடியாக வந்து காய்ந்த மாலையைச் சேர்க்க வேண்டும். எல்லாம் ஏற்கெனவே முடிந்த கணக்கு என்று நம்புகிறவர் எவரும் ஒன்பது சுற்றுச் சுற்றமாட்டார். பாகம் இருக்கிறது, கைக்கு வரவில்லை, போய்க் கேட்க வேண்டும் என்ற நினைப்புதான் இரண்டு ஊரிலும் கூட்டத்தை இழுக்கிறது.

மக்தூபில் இந்த இடைவெளியே கிடையாது. ‘எழுதப்பட்டது’ என்பது வினை முடிந்துபோன சொல். லெபனான், சிரியா பக்கத்துப் பேச்சு வழக்கில் எழுத்து இருக்கும் இடம் நெற்றி. நம் பிரம்மா எழுதும் இடமும் அதுதான். திறப்பது, மூடுவது, உதைப்பது எதுவும் எழுத்திடம் செல்லாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தை எவரும் முன்கூட்டிப் படித்ததில்லை. அதனால் மக்தூப் என்ற சொல் நடந்து முடிந்த பிறகுதான் பொருந்தி வருகிறது.

1962இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தில் இதற்கு ஓர் அருமையான காட்சி உண்டு. பாலைவனத்தைக் கடக்கும்போது காசிம் என்பவன் ஒட்டகத்திலிருந்து விழுந்து பின்தங்கிவிடுகிறான். அவன் நேரம் வந்துவிட்டது, அது எழுதியிருக்கிறது, விடு என்கிறார்கள் மற்றவர்கள். லாரன்ஸ் கேட்காமல் திரும்பிப்போய் அவனைத் தூக்கி வருகிறார். எதுவும் எழுதப்படவில்லை என்று நிரூபித்த பெருமிதம் வேறு. கொஞ்ச நாளில் அதே காசிம் ஒரு கொலை செய்ய, கூட்டாளிக் குலங்களுக்குள் சண்டை மூளாமல் இருக்க லாரன்ஸே அவனைச் சுட வேண்டியதாகிறது. அப்படியானால் எழுதித்தான் இருந்திருக்கிறது என்கிறார் குலத்தலைவர் அவுதா. உண்மையான லாரன்ஸின் நூலில் காப்பாற்றப்பட்டவன் வேறு, சுடப்பட்டவன் வேறு. படம் இருவரையும் ஒருவனாக்கிவிட்டது. என் கணிப்பில், படத்தில் முதலில் சொன்னவர்கள் சொல்லைத் தவறாகக் கையாண்டார்கள், அவுதா சரியாகக் கையாண்டார். ஆள் உயிரோடு இருக்கும்போதே மக்தூப் சொல்வது சோம்பல். எல்லாம் முடிந்தபின் சொல்வது ஆறுதல்.

வெறும் விதி இரண்டிலிருந்தும் விலகி நிற்பது இங்கேதான். கிரேக்கர்களின் ஈடிபஸ் கதையில் விதி முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது. தப்பி ஓடுகிறான், ஓடிய பாதையே அவனை அதில் கொண்டு தள்ளுகிறது. பங்கிட்டவரோ எழுதியவரோ அந்தக் கதையில் முன்னால் வருவதில்லை, முறையிட வழியே இல்லை. ஐரோப்பா இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கிழக்கைப் பார்த்தது. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிஸ் 1710இல் வெளியிட்ட நூலில் ‘துருக்கிய விதி’ என்று ஒரு வகையையே பிரித்தார். கொள்ளைநோய் பரவிய ஊரைவிட்டுக்கூட விலகாதவர்கள் துருக்கியர் என்று சொல்லக்கேட்டு வைத்த பெயர் அது.

அந்தக் கொள்ளைநோய் விஷயத்திலேயே இஸ்லாமிய மரபு சொல்வது வேறு. கி.பி. 639ஐ ஒட்டி கலீஃபா உமர் சிரியாவுக்குப் போகும் வழியில் சர்க் என்ற இடத்தை அடைகிறார். சிரியாவில் நோய் பரவியிருக்கிறது என்று தகவல். பலரையும் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்கிறார். படைத்தலைவர் அபூ உபைதா, இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கிறார். ஆமாம், ஒரு விதிப்பிலிருந்து அவனுடைய இன்னொரு விதிப்புக்கு ஓடுகிறோம் என்பது உமரின் பதில். பசும்புல் உள்ள சரிவும் வறண்ட சரிவும் இருந்தால் ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது விதித்தபடிதானே என்று கேட்டுவிட்டுத் திரும்பிப்போகிறார். அபூ உபைதா சிரியாவிலேயே தங்கி அந்த நோயில் இறந்தார். ஈடிபஸுக்குத் தப்பி ஓடுவதே பொறி. உமருக்கு ஓடும் முடிவும் எழுத்துக்கு உட்பட்டது, அதனால் அதை எடுக்கத் தயங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, துருக்கியருக்கு ஒன்று, அரபியருக்கு ஒன்று என்று கோடு கிழித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். துருக்கியிலும் ‘நெற்றி எழுத்து’ உண்டு, விபத்துக்கும் சாவுக்கும் அதைத்தான் எடுப்பார்கள். கெய்ரோவிலோ டமாஸ்கஸிலோ நிச்சயம் முறிந்துபோனால் ‘கிஸ்மாவும் நஸீபும்’ என்றுதான் சமாதானம் சொல்வார்கள். நஸீபு நம்மூர் முஸ்லிம் வீடுகளிலும் புழங்குகிற சொல். ஆக இது நாட்டுப் பிரிவினை இல்லை, சந்தர்ப்பப் பிரிவினை.

தமிழில் இரண்டு சந்தர்ப்பத்துக்கும் சொல் இருக்கிறது. நமக்குக் கூடுதலாக இருப்பது ஊழ். அதில் பங்கிடுபவரும் எழுதுபவரும் பின்னுக்குப் போய், நாமே முன்பு செய்த வினை முன்னுக்கு வருகிறது. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் விடாமுயற்சி அந்த ஊழையே தோற்கடிக்கும் என்கிறது. மக்தூபைப் பற்றி எந்த அரபியும் அப்படிச் சொல்லமாட்டார், ஏனெனில் எழுதியவன் இறைவன். ஊழில் எதிராளி நம் பழைய வினைதான், அதோடு மல்லுக்கட்டலாம்.