வீட்டுக் கடன் வட்டியும் 2 லட்சம் ரூபாய்ச் சுவரும்

போன எபிசோடில் வீட்டுக் கடன் பற்றிப் பேசினோம் இல்லையா, அதுல ஒரு விஷயம் பாக்கி இருந்தது. சம்பளக்காரர் ஒருத்தர் கடன் வாங்கி வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறார். வாடகையைவிட வட்டி அதிகம். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் எவ்வளவு கழிக்கலாம்? பழைய வரி முறையில் இன்னைக்கு இதற்குப் பதில் வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஆனா 2017 வரைக்கும் இதற்கு உச்சவரம்பே கிடையாது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வீடுகளை இரண்டு விதமாகப் பார்த்தது. நீங்களே குடியிருக்கும் வீட்டில் வாடகை வருமானம் இல்லை. அதனால அதன் வட்டிக் கழிவுக்கு ஒரு வரம்பு இருந்தது. 2001 பட்ஜெட்டில் அது ஒன்றரை லட்சம் ஆனது, 2014-ல் 2 லட்சம் ஆனது. வாடகை வீடு வேற கதை. வாடகைக்கு வரி கட்டுகிறீர்கள், அப்போ அதைச் சம்பாதிக்கக் கொடுத்த வட்டி முழுவதையும் கழிப்பதுதானே நியாயம்? சட்டம் அப்படித்தான் சொன்னது. மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் வழி விட்டது.

அந்த வழி எவ்வளவு பெரிசுன்னு ஒரு கணக்கில் பார்ப்போம். ஒருத்தருக்கு வருடச் சம்பளம் 20 லட்சம். 80 லட்சம் கடன், 20 வருடம், எட்டரை சதவீதம். முதல் வருட வட்டி சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம். வாடகை மாதம் 20,000, அதாவது வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். பராமரிப்புக்கென்று சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போனால் மிச்சம் 1 லட்சத்து 68 ஆயிரம். அதிலிருந்து வட்டியைக் கழித்தால் நஷ்டம் 5 லட்சத்து 7 ஆயிரம்.

பழைய விதிப்படி இது முழுவதும் சம்பளத்தில் குறையும். 30 சதவீத வரியும் அப்போதைய 3 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் மிச்சமாகும் வரி சுமார் 1 லட்சத்து 57 ஆயிரம். அதிகச் சம்பளக்காரர்கள் இரண்டாவது, மூன்றாவது ஃபிளாட் வாங்க இதுவும் ஒரு காரணம். இ.எம்.ஐ.-யில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டுகிற மாதிரிதான்.

2017 பிப்ரவரி 1 பட்ஜெட்டோடு வந்த நிதி மசோதாவில் 71-ஆம் பிரிவுக்குள்ள (3A) என்று ஒரு சின்ன உட்பிரிவு சேர்ந்தது. வீட்டு நஷ்டத்தை மற்ற வருமானங்களில் கழிப்பது வருடத்துக்கு 2 லட்சத்தோடு நிற்கும். எத்தனை வீடு இருந்தாலும் ஒரு நபருக்கு மொத்தமே அவ்வளவுதான். 2017-18 நிதியாண்டிலிருந்து அமலுக்கு வந்தது. ஏற்கனவே கடன் வாங்கியவர்களுக்கு விலக்கு இல்லை. 2015-ல் பழைய கணக்கை நம்பி வாங்கினவரும் இதே வரம்புக்குள்தான். நம்ம உதாரணத்தில் வரிச் சேமிப்பு 61,800-ஆகச் சுருங்கிவிடும்.

மீதி 3 லட்சத்து 7 ஆயிரம் என்ன ஆகும்? 'அடுத்த 8 வருடத்துக்கு எடுத்துப் போகலாம்' என்கிறது சட்டம். இங்கதான் பலர் ஏமாறுறாங்க. எடுத்துப் போகும் நஷ்டத்தை அடுத்த வருடச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீட்டு வருமானத்தில் மட்டும்தான் கழிக்கலாம். அடுத்த வருடமும் அந்த வீடு நஷ்டம்தானே காட்டப் போகிறது? வாடகை வருடா வருடம் 5 சதவீதம் ஏறினாலும், இந்த வீடு லாபத்துக்கு வர ஏறக்குறைய 15 வருடம் ஆகும். முதல் வருட நஷ்டம் ஒன்பதாவது வருடத்தோடு காலாவதி. வேறு வாடகை வீட்டில் லாபம் இருந்தாலோ, கடனின் பெரும்பகுதியைச் சீக்கிரம் அடைத்தாலோதான் அது உதவும். ரிட்டர்னில் `Schedule CFL` பகுதியில் இந்தத் தொகை வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால், அது பெரும்பாலும் கைக்கு வராத பணம்னு புரிஞ்சுக்கலாம்.

கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர்களாகவும் கூட்டுக் கடனாளிகளாகவும் இருந்தால், நஷ்டம் அவரவர் பங்குக்குப் பிரியும். ஆளுக்கு 2 லட்சம் தனித்தனியாகக் கிடைக்கும். பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் பெயர் இருந்தால் போதாது.

கதை 2017-ல் முடியலை. 2020-ல் வந்த புதிய வரி முறையில் அந்த 2 லட்சமும் இல்லை. வாடகை வீட்டின் வட்டியை வாடகையில் கழிக்கலாம், நஷ்டம் வந்தால் சம்பளத்தைத் தொட முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இதுதான் இயல்பு முறை. பழைய முறை வேணும்னா நீங்கதான் கேட்டுத் தேர்ந்தெடுக்கணும்.

அதனால 'லோன் போட்டால் டாக்ஸ் மிச்சம்' என்று யாராவது சொன்னால், அவர் எந்த வருடத்துக் கணக்கைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.