பிடித்தம் என்ற ஒரே சொல்

பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் சேர்ந்த தம்பிக்கு முதல் சம்பளச் சீட்டு வந்தது. மொத்தச் சம்பளம் 16,000. கைக்கு வந்தது 14,440. "ஏனுங்கண்ணா, மீதி 1,560 எங்கீங்க போச்சு?" என்றான். சீட்டில் அந்தப் பகுதிக்குத் தலைப்பு 'பிடித்தம்'. பிடி என்ற வினையிலிருந்து வந்த சொல். யார் பிடித்தார், எதற்கு என்று அது சொல்வதில்லை. கீழே இருக்கும் பெயர்கள்தான் சொல்கின்றன.

முதல் வரி பி.எஃப். மில்காரர்கள் வாயில் அது வெறும் 'பண்டு'. ஆங்கிலப் பெயரிலுள்ள 'பிராவிடண்ட்', முன்கூட்டிப் பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் இதைச் 'சேமலாப நிதி' என்கிறார்கள். சேமம் வடமொழி 'க்ஷேம'த்தின் தமிழ் வடிவம். நம் அரசு 'வருங்கால வைப்பு நிதி' என்றது. எனக்கு இதுவே பிடிக்கும். 'வைப்பு' வை என்ற வேரிலிருந்து பிறந்தது. வைத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்ற உரிமை அதற்குள் இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த 12,000-இல் 12 சதவீதமாக அவனிடம் பிடித்தது 1,440. முதலாளியும் அதே தொகை கட்ட வேண்டும். ஆனால் அதில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துவிடும். மீதி 440 மட்டுமே அவனுடைய வைப்பில் சேரும். இது தெரியாமல் இரண்டு மடங்கு சேரும் என்று கணக்குப் போடுபவர்கள் ஏராளம்.

அடுத்தது இ.எஸ்.ஐ., 120 ரூபாய். தமிழில் 'ஈட்டுறுதி'. ஈடு என்றால் இழந்ததற்கு நிகராகத் தருவது. இழப்பீடு, காப்பீடு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். இது வைப்பு அல்ல. நோயே வராவிட்டால் ஒரு காசும் திரும்பாது. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் அவனுடையது, முதலாளி 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய் கட்டுகிறார். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கே இது. 1948-இல் சட்டமானது, 1955-இல் கோவைக்கு வந்தது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவனுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. சுகமில்லாமல் லீவு போட்டால் சராசரி நாள்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் அந்த நோய்க்காலப் பணம் வேலையில் சேர்ந்த உடனே கிடைக்காது. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் விரல் நசுங்கினால் அந்தக் காத்திருப்பு இல்லை, முதல் நாளிலிருந்தே ஈடு உண்டு.

அரையாண்டுக்கு ஒருமுறை 'தொழில்வரி' என்று இன்னொரு வரி தலைகாட்டும். பெயரே சொல்கிறது, அது மாநகராட்சிக்குப் போகும் வரி, வைப்புமில்லை, ஈடுமில்லை.

சீட்டில் பிடித்திருப்பதாலேயே பணம் கட்டியாகிவிட்டது என்று பொருளல்ல. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். 12 இலக்க யூ.ஏ.என். எண்ணை வைத்து பாஸ்புக்கைத் திறந்தால் 1,440, 440 என்ற இரண்டு தொகைகளும் ஓய்வூதியத்துக்குப் போன 1,000-மும் தனித்தனியே நிற்க வேண்டும். 15-க்குப் பிறகு சில நாள் கழித்தும் அந்த மாதத்துக்கான பதிவு வரவில்லை என்றால், முதலில் பட்டறைக் கணக்கரிடம் கேட்க வேண்டும், அதற்குமேல் பி.எஃப். அலுவலகம் இருக்கிறது.