நந்தனாரின் பூணூல்: உட்பொருள் வாசிப்பும் அதன் எல்லையும்



சேலம், நாமக்கல் பகுதிகளில் நாம் நடத்தும் வாசிப்புக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்பார்: "ராமாயணம் வரலாறே இல்லை, அது மனசுக்குள்ள நடக்கிற போராட்டம்னு எங்க பேராசிரியர் சொல்றார். ராவணனோட பத்துத் தலையும் பத்துப் புலன்கள், இலங்கை நம்ம உடம்பு, சீதை சிறைப்பட்ட ஆன்மாவாம். அப்படின்னா நாம எதுக்கு இன்னும் அந்தக் கதையோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்?"

இது நேர்மையான கேள்வி. இந்த நினைவுரையில் அதற்கு நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில், உட்பொருள் வாசிப்பு நேற்று வந்த தந்திரம் அல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். கிரேக்கத்தில் ஹோமரின் கடவுள்கள் பொய் சொல்வதையும் விபச்சாரம் செய்வதையும் கண்டு கூசிய தத்துவவாதிகள், அவையெல்லாம் இயற்கையையும் உள்ளத்தையும் குறிக்கும் உருவகங்கள் என்றார்கள். இங்கே கடோபநிஷத்து உடம்பைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் சொன்னது. அந்த வழியில் குருக்ஷேத்திரத்தை மனித நெஞ்சாக வாசித்தவர் காந்தி. கீதை சொல்வது வரலாற்றுப் போர் அல்ல என்றும், தம்முடைய ராமன் வரலாற்று ராமன் அல்ல என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்த வாசிப்பில் ஒரு நன்மை உண்டு. புராணத்தை நடந்த கதை என்று நம்புகிறவர் அதற்கு இடம் குறிப்பார், எல்லை போடுவார், கடைசியில் அதற்காக ஆளையும் அடிப்பார். உட்பொருளாக வாசிப்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

இதற்கு நேர் எதிரான வாசிப்பும் நம் மண்ணில் பலமாக ஒலித்தது. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிட வேண்டும் என்று வாதாடிய அண்ணாதுரை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு மேடை ஏறினார். 1971 ஜனவரியில் பெரியார் சேலத்தில் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. நாடு முழுவதும் அது பேச்சானது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் கேட்கப்பட்டது, ராமன் இருந்தானா இல்லையா என்பது மட்டும் அல்ல. இந்தக் கதை யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்டார்கள். உட்பொருள் வாசிப்பு இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கதையை எடுத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். 1943இல் தீயிடச் சொல்லப்பட்ட பெரியபுராணத்துக்குள்ளேயே ஒரு தீ இருக்கிறது. அது நந்தனார் இறங்கிய தீ.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதை இது. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பார். ஆனால் கோயிலுக்குள் போக மாட்டார். திருப்புன்கூரில் வெளியே நின்றபடி இறைவனைக் காண விரும்பியபோது, மறைத்திருந்த நந்தி விலகியது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள் கழிந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார். ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். எல்லைக்குள் நுழையத் தயங்கி, ஊரையே வலம் வந்தார். இறைவன் அவர் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொன்னான். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வந்து தீ மூட்டச் சொன்னான். அவர்கள் தென்புற வாயிலுக்கு முன்னே தீ மூட்டினார்கள். நந்தனார் இறங்கினார். பழைய உடம்பு நீங்கி, பூணூலும் சடையும் உள்ள முனிவராக எழுந்தார். உள்ளே போனார். பிறகு அவரை யாரும் காணவில்லை.

இதை நடந்தது என்றே வாசிப்பவர், இது தீயில் எரிந்த ஒரு மனிதரின் கதை என்பார். அயோத்திதாச பண்டிதர் வேறு வழியில் போய், நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டார். சைவ சித்தாந்தம் படித்தவர் உட்பொருள் சொல்வார்: தீ என்பது ஞானம், எரிந்தது ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம், நந்தனார் பக்குவப்பட்ட ஆன்மா. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்தை அதன் சொந்தச் சித்தாந்தத்தை வைத்தே சோதிப்போம்.

மும்மலம் எல்லா உயிருக்கும் பொது. புலையருக்கு ஒரு மலம், அந்தணருக்கு வேறு மலம் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. தீ ஞானம் என்றால், அந்த வாயிலில் நுழைகிற ஒவ்வொருவரும் அதில் இறங்க வேண்டும். தீ மூட்டிய அந்தணர்கள் ஏன் இறங்கவில்லை? உருவகம் என்றால் அது எல்லாருக்கும் பொருந்த வேண்டும். ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்தினால், அதற்குச் சட்டம் என்று பெயர்.

அதே நூலில் இன்னொரு முடிவையும் பாருங்கள். திருஞானசம்பந்தர் தம் திருமணத்துக்கு வந்த எல்லாரோடும் நல்லூர்ப்பெருமணத்தில் சோதிக்குள் புகுந்தார். அவர் அந்தணர். சோதி அவர் உடம்பை மாற்றி வெளியே அனுப்பவில்லை. அவர் அப்படியே உள்ளே போனார். நந்தனாரோ முதலில் வேறு ஆளாக மாற வேண்டியிருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்ற பாணர் திருவாரூருக்கு வந்தபோது, இறைவனே வடபுறம் அவருக்கென்று வேறு வாயில் வைத்தான். மூன்று பேரும் அடியார்களே. ஆனால் சாதிக்குத் தக்கபடி ஒவ்வொருவருக்கும் வாயில் வேறாக இருக்கிறது.

உட்பொருள் விளக்கம் முறிகிற இடம் அந்தப் பூணூல். உள்ளம் தூய்மையானதைச் சொல்வது மட்டுமே நோக்கம் என்றால் பூணூல் தேவையில்லை. அது வெளியே தெரியும் அடையாளம். சாதியைக் காட்டுவதற்கென்றே இருப்பது. கதையே அதைச் சேர்த்துச் சொல்லும்போது, வெளி அடையாளங்களைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று வாசகரிடம் மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

இந்தச் சோதனையைச் சம்பூகன் கதைக்கும் வைக்கலாம். தவம் செய்த சூத்திரனை ராமன் வெட்டியதும், இறந்த பிராமணச் சிறுவன் உயிர் பெற்றதும் உத்தர காண்டத்தில் வருகின்றன. கம்பர் பாடியது ஆறு காண்டங்கள். அவை யுத்த காண்டத்தோடு முடிகின்றன. அன்றைய சேலம் மாவட்டத்தில் பிறந்து சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 'சக்கரவர்த்தித் திருமக'னைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். அதனால் தமிழில் ராமன் கதை படித்த பலருக்குச் சம்பூகனைத் தெரியாது. அந்தக் கதைக்கு உட்பொருள் சொல்லித்தான் பாருங்களேன். சம்பூகனை அறியாமை என்றும் சிறுவனை அறிவு என்றும் வைத்தால், தவம் செய்தவனே அறியாமை ஆகிவிடுகிறான். மாற்றி வைத்தால் ராமன் கொல்வது அறிவை. எந்தப் பக்கம் திருப்பினாலும் சாதிப் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அம்பேத்கர் இந்தக் கதையை வேறுவிதமாக வாசித்தார். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில், சம்பூகனைக் கொன்றதற்காக ராமனைத் தனியே குறை சொல்வது விஷயத்தைத் தவற விடுவது என்றார். நால்வருணத்தின் மேல் நிற்கும் ஆட்சியில், வருணம் தாண்டியவனைத் தண்டிப்பது அரசனின் கடமை. தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது. அந்தத் தண்டனைக்குச் சம்பூகன் கதை ஓர் எடுத்துக்காட்டு. கீதையைப் பற்றி எழுதும்போதும், முக்குணக் கொள்கை அங்கே நால்வருணத்துக்குத் தத்துவ முட்டுக் கொடுப்பதை அவர் காட்டினார். இந்த வாசிப்பு கதையை நடந்த வரலாறாகவும் கொள்ளவில்லை, உள்ளத்தின் உருவகமாகவும் கொள்ளவில்லை. கதைக்குள் இருக்கும் விதியை எடுத்து வெளியே வைக்கிறது. சம்பூகன் என்று ஒருவர் வாழ்ந்தாரா என்பது இதற்குத் தேவையே இல்லை. விதி வாழ்ந்தது. அது போதும்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டும். எதிர்த் தரப்பு புராணத்தை வரலாறு என்று சொல்லும்போது, நாமும் பதிலுக்கு ஒவ்வோர் அசுரனையும் நம் மூதாதை அரசன் என்று அறிவித்துவிடுகிறோம். கவிதைக்கும் நாடகத்துக்கும் அது வலிமை தரும். வரலாறு என்று சொல்ல வேண்டுமானால் சான்று வேண்டும். அது எப்படி இருக்கும் என்பதற்குச் சேலத்திலேயே உதாரணம் உண்டு. தலைவெட்டி முனியப்பன் கோயிலில் உள்ளது புத்தர் சிலை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் புத்தர் சிலை என்றே ஏற்றது. அதற்கு அடிப்படை யாரோ சொன்ன கதை அல்ல. தொல்லியல் வல்லுநர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். தாமரைப் பீடம், தியான முத்திரையில் வைத்த கைகள், சுருள்முடி, உச்சிமுடிப்பு, நீண்ட காது மடல்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். கல் சாட்சி சொன்னது. புராணத்தில் இருந்து நாம் வரலாறு எடுக்கும்போதும் அந்த அளவு கண்டிப்பு நமக்கு வேண்டும்.

அப்படியானால் உட்பொருள் வாசிப்பே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சிவவாக்கியரும் உள்ளே பார்க்கத்தான் சொன்னார். ஆனால் அவர் உள்ளே பார்த்தபோது வெளியே இருந்த சாதியும் பூணூலும் கல்லும் பொருள் இழந்தன. அந்த வாசிப்பு கதவைத் திறக்கிறது. நந்தனார் தீக்குச் சொல்லப்படும் உட்பொருளோ, கதவு மூடியிருந்ததைக் கதை கேட்பவர் மறக்கும்படி செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்த விளக்கத்துக்குப் பிறகு சாதிப் பெயர் உதிர்கிறதா, அங்கேயே நிற்கிறதா?

அந்தத் தம்பிக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். உங்கள் பேராசிரியர் சொல்வதைத் தள்ள வேண்டாம். அடுத்த வகுப்பில் இன்னொன்றும் கேளுங்கள்: "ஐயா, தீ ஞானம்னா, மூட்டினவங்க ஏன் இறங்கலை?"