கோப்பிலிருந்து பிம்பத்துக்கு: வைரல் காணொளிச் சரிபார்ப்பு வளர்ந்த வழியும் கராச்சிப் படத்துண்டும்

2018ஆம் ஆண்டுக் கோடையில் இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு சிறு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிவந்தது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். சிசிடிவி பதிவு போன்ற தோற்றம். பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் பக்கத்திலேயே நடமாடுகிறது என்ற எச்சரிக்கை கூடவே வரும். இத்தகைய வதந்திகளை நம்பிய கூட்டங்கள் அந்த ஆண்டில் பலரை அடித்துக் கொன்றன. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரும் அப்படித்தான் கொல்லப்பட்டார். காணொளியோ, பாகிஸ்தானில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு துண்டு. முழுப்படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் கேமராவுக்குக் காட்டுகிறார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

இப்படியொரு துண்டை அடையாளம் காணும் முறை ஒரே நாளில் உருவாகவில்லை. கோப்புக்குள் எழுதியிருப்பதை நம்பிய காலம் முதலில் வந்தது. பிம்பத்தின் பிற பிரதிகளைத் தேடும் காலம் அதன் பின்னரே வந்தது. இந்த வரிசையை அறியாமல் கருவிகளை மட்டும் கற்றவர்கள், எது எந்தக் கேள்விக்கு விடை தரும் என்பதில் இடறுகிறார்கள் என்பது என் கருத்து.

டிஜிட்டல் கேமராக்கள் படத்துடன் நாள், நேரம், கேமரா மாதிரி ஆகியவற்றையும் எழுதிவைப்பதற்கான எக்ஸிஃப் தரநிலை 1995இல் ஜப்பானில் பிறந்தது. திறன்பேசிகள் வந்தபின் ஜிபிஎஸ் இருப்பிடமும் அதில் பரவலாகப் பதியத் தொடங்கியது. அதன் வலிமை 2012 டிசம்பரில் உலகுக்கே தெரிந்தது: தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்கஃபியின் படத்தை வைஸ் இதழ் வெளியிட்டபோது, அந்த ஐபோன் படத்துக்குள் இருந்த ஆயங்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் அதே காலத்தில் சமூக ஊடகங்கள் பதிவேற்றப்படும் கோப்பைச் சுருக்கி மறுகுறியாக்கம் செய்து, மெட்டாடேட்டாவின் பெரும்பகுதியை உதிர்த்துவிடத் தொடங்கியிருந்தன. பயனரின் இருப்பிடம் கசியாமல் இருக்க அது நல்லது. சரிபார்ப்பவருக்கோ ஒரு கதவு மூடிக்கொண்டது.

காணொளியின் உள்ளமைப்பு வேறு வகை. எம்பி4 கோப்பு ஆப்பிளின் குவிக்டைம் வடிவத்திலிருந்து வளர்ந்தது. அதனால் உருவாக்க நேரம் 1904 ஜனவரி 1 முதலான நொடிக் கணக்காகவே இன்றும் பதியப்படுகிறது. அதைப் பார்க்க இந்தக் கட்டளை போதும்:

```
exiftool -G1 -time:all video.mp4
```

விடையில் `0000:00:00 00:00:00` என்று வந்தால் அந்தப் புலத்தில் பூஜ்யம் இருக்கிறது, அதாவது பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு மென்பொருள் கோப்பைப் புதிதாக எழுதியிருக்கிறது என்று பொருள். போலி என்று பொருளல்ல. ஒரு தேதி இருந்தாலும் அது படம்பிடித்த தேதியாகவே இருக்க வேண்டியதில்லை, எடிட்டிங் மென்பொருள் வெளியே எழுதிய தேதியாகவும் இருக்கலாம். நேரத்தை யுடிசியில் பதிய வேண்டும் என்பது விதி; சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே பதிந்துவிடும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் `VID-20180612-WA0003.mp4` போன்ற பெயரில் உள்ள தேதி, வாட்ஸ்அப் அந்தக் கோப்பைக் கையாண்ட தேதி மட்டுமே. சம்பவம் நடந்த நாளாக அதை எடுத்துக்கொண்டால், பழைய காணொளி ஒவ்வொரு பகிர்விலும் புதிதாகப் பிறந்துவிடும்.

இரண்டாவது பாதை 2008இல் டொரண்டோவிலிருந்து வந்த டின்ஐ தேடலுடன் திறந்தது. சொற்களைக் கொடுத்துத் தேடாமல் படத்தையே கொடுத்து அதன் பிரதிகளைத் தேடலாம் என்றானது. 2011இல் கூகுளும் அதே வசதியைத் தந்தது. காணொளியை முழுதாக இப்படித் தேட முடியாது என்பதால் அதிலிருந்து ஃபிரேம்களைப் பிரித்தெடுப்பது தனி வேலையாயிற்று. யூடியூப் காணொளியின் பதிவேற்ற நேரத்தையும் சிறுபடங்களையும் எடுத்துத்தரும் கருவியை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2014இல் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் உருவான இன்விட் உலாவி நீட்சி 2017இல் வந்து, கீஃபிரேம்களைப் பிரித்துப் பல தேடுபொறிகளுக்கு அனுப்பும் வேலையை ஓரிடத்தில் சேர்த்தது. கணினியிலேயே செய்வதானால்:

```
ffmpeg -skip_frame nokey -i video.mp4 -fps_mode vfr key-%03d.png
```

கராச்சித் துண்டை இன்று கையில் எடுத்துச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். மெட்டாடேட்டாவில் பயனுள்ளது எதுவும் எஞ்சியிருக்காது. வாட்ஸ்அப் வழி வந்த கோப்பு அது. எனவே வேலை ஃபிரேமில்தான். கடத்தல் நடக்கும் கணம் பார்ப்பவருக்கு முக்கியமாகத் தோன்றினாலும் தேடலுக்கு அது மோசமான தேர்வு. ஓடும் வண்டி மங்கிக் கிடக்கும். மங்கல் படத்துக்கு ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளின் படங்களே விடையாக வரும். வண்டி வருவதற்கு முன்னால், தெருவும் சுவர்களும் நிற்கும் சிறுவர்களும் தெளிவாகத் தெரியும் ஃபிரேமே நல்லது. பரப்பியவர் மேலே ஒட்டிய எழுத்தையும் கரையையும் வெட்டிவிட்டுத் தேட வேண்டும். ஒரு பொறியில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்: டின்ஐ அதே படத்தின் பிரதியைத் தேடும், கூகுள் லென்ஸ் ஒத்த பொருள்களையும் கொண்டுவரும், யாண்டெக்ஸ் முகங்களையும் இடங்களையும் பொருத்துவதில் பலமுறை முந்தியிருக்கிறது. இடவலம் திருப்பப்பட்ட காணொளிகளில் தேடல் தடுமாறும் என்பதால், படத்தைத் திருப்பியும் ஒருமுறை தேடுவது வழக்கம்.

நீளமான பிரதி கிடைத்ததும்தான் ஆய்வின் உயிர்ப்பகுதி தொடங்குகிறது. இரண்டையும் அருகருகே ஓடவிட்டு, சுவரின் நிழல், சிறுவர்களின் நிலை, வண்டி நுழையும் பக்கம் ஆகியவற்றை ஃபிரேம் ஃபிரேமாக ஒப்பிட வேண்டும். எல்லாம் பொருந்தி, துண்டில் இருப்பது முழுதும் நீளப் படத்துக்குள் அடங்கி, நீளப் படத்தில் மட்டும் தொடர்ச்சி இருந்தால், எது எதிலிருந்து வெட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. அட்டை ஏந்திய கடைசிக் காட்சி நோக்கத்தையும் சொல்லிவிடுகிறது. அதன்பின் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் படம் இருக்கிறதா என்று பார்த்து, இயன்றால் அவர்களிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

தேடலில் கிடைக்கும் மிகப் பழைய தேதி, அந்தக் காட்சி அதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்பதை மட்டும் நிறுவும். எப்போது எடுக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. டின்ஐயில் பழையது முதலாக வரிசைப்படுத்தினால் கிடைப்பதுகூட அந்தத் தேடுபொறி படத்தை முதலில் கண்ட நாள்தான். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் காணொளி புதியது என்று எழுதிவிடக் கூடாது. மூடிய வாட்ஸ்அப் குழுக்களுக்குள் மட்டும் உலவியது எந்தத் தேடுபொறியின் கண்ணிலும் பட்டிருக்காது. அப்போது கடைப் பலகை, வண்டி எண் பலகை, பேச்சு மொழி ஆகியவற்றைக் கவனித்து, மலைமுகட்டைச் செயற்கைக்கோள் படத்துடன் பொருத்தும் வேறு வேலைக்குப் போக வேண்டும்.

முடிவை எழுதும் சொற்களிலும் அதே கண்டிப்பு வேண்டும். 'இந்தக் காணொளி கராச்சி விழிப்புணர்வுப் படத்தின் வெட்டப்பட்ட பகுதி' என்பது மேற்கண்ட சோதனை தாங்கும் வாக்கியம். 'இந்த மாவட்டத்தில் குழந்தைக் கடத்தல் எதுவும் நடக்கவில்லை' என்பதை அது தாங்காது. அதற்கு அந்தந்தக் காவல் நிலையங்களில் காணாமற்போன குழந்தைகள் குறித்த புகார்ப் பதிவுகளைத் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.