கலைத்துப் போட்டாலும் மாறாதது: சிந்துவெளிக் குறிகளும் என்ட்ரோபிச் சோதனையும்

ஓர் எழுத்துத் தொடர் மனித மொழியா, விதிப்படி உருவாக்கப்பட்ட வரிசையா என்பதைப் பொருள் தெரியாமலேயே எண்களால் சொல்லிவிட முடியுமா? இன்று கணினி எழுதிய உரைகளைக் கண்டறிவது பற்றிய விவாதங்களில் அடிபடும் இக்கேள்வி, சிந்துவெளிக் குறிகளை முன்வைத்து மும்பையில் பல்லாண்டுகளுக்கு முன்பே கூர்மையாக எழுந்தது.

ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளிக் குறிகளின் தொடரடைவு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு உருவானது. அதில் 417 குறிகள் வகைப்படுத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த நிஷா யாதவும் மயங்க் வாகியாவும் அதிலிருந்து சிதைந்தவை, ஐயத்திற்குரியவை, திரும்பத் திரும்ப வருபவை ஆகியவற்றை நீக்கி ஒரு தெளிந்த தொகுப்பை அமைத்தனர். 1548 வரிகள், சுமார் 7000 குறி வருகைகள், 377 வெவ்வேறு குறிகள் என்பது அதன் அளவு. ஒரு வரிக்குச் சராசரியாக ஐந்து குறிகள்கூட இல்லை.

2004இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் ஆகிய மூவரும் இக்குறிகள் மொழியைப் பதியும் எழுத்தே அல்ல என்று வாதிட்டிருந்தனர். அதற்கு மறுமொழிபோல 2009இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ராஜேஷ் ராவ், யாதவ், வாகியா, ஹிருஷிகேஷ் ஜோக்லேகர், ரணஜாய் அதிகாரி, மகாதேவன் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். அவர்கள் கையாண்ட அளவுகோல் நிபந்தனை என்ட்ரோபி. ஒரு குறி தெரிந்த பின் அடுத்த குறி எதுவாக இருக்கும் என்பதில் எஞ்சும் ஐயப்பாட்டை அது அளக்கிறது.

ஒப்பீட்டுக்கு இரண்டு செயற்கைத் தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. முதலாவதில் எக்குறிக்குப் பின்னும் எக்குறியும் சம வாய்ப்போடு வரலாம். இரண்டாவதில் ஒவ்வொரு குறிக்குப் பின்னும் ஒரே ஒரு குறிதான் வரும். முதலாவதில் ஐயப்பாடு உச்சத்தில் இருக்கும். இரண்டாவதில் அது சுழியம். சங்கத் தமிழ், ரிக்வேத சமஸ்கிருதம், சுமேரியம், ஆங்கிலம் ஆகியவை இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பட்டையில் அமைந்தன. சிந்துவெளிக் குறிகளும் அதே பட்டையில் விழுந்தன. மரபணுத் தொடர்களும் புரதத் தொடர்களும் அப்பட்டைக்கு மேலே நின்றன. ஃபோர்ட்ரான் நிரல் கீழே நின்றது.

இம்முடிவின் மீது எழுந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். நான்கு குறிகள் மட்டுமே கொண்ட ஓர் உரையைக் கொள்வோம். நான்கும் சம அளவில் வந்தால் என்ட்ரோபி 2 பிட். மாறாக, முதற்குறி பாதி இடங்களிலும், இரண்டாவது கால் பங்கிலும், மற்ற இரண்டும் அரைக்கால் அரைக்கால் பங்கிலும் வந்தால் என்ட்ரோபி 1.75 பிட். இக்குறிகளைச் சீட்டுகளில் எழுதி, குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினால் வரிசையில் எந்த இலக்கணமும் இராது. முந்தைய குறி அடுத்ததைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே நிபந்தனை என்ட்ரோபியும் 1.75 பிட்டாகவே இருக்கும். ஆயினும் அந்த எண், சுழியத்துக்கும் 2க்கும் இடையில் அமைந்து, ஓரளவு ஒழுங்கு உள்ளதைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தைத் தருவது நிகழ்வெண்களின் ஏற்றத்தாழ்வே. வரிசைக்கு அதில் பங்கில்லை.

மொழிகளில் சில சொற்கள் மிகுதியாகவும் பெரும்பாலானவை அரிதாகவும் வருவதை ஜிப்ஃப் விதி விவரிக்கிறது. ஆனால் இடைவெளி விசையும் எழுத்துகளும் கொண்ட தட்டச்சுப் பொறியில் கண்மூடித் தட்டினாலும் ஏறத்தாழ இப்பரவலே கிடைக்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1957இலேயே காட்டியிருந்தார். எனவே ஜிப்ஃப் பரவலுக்கு உட்படுவது மொழி என்பதற்குச் சான்றாகாது. ஸ்ப்ரோட் முதலிய விமர்சகர்களின் வாதமும் இதுவே: ஒப்பீட்டுக்கு வைத்த இரு எல்லைகளும் உலகில் எக்குறி முறையும் எட்டாதவை, நிகழ்வெண் மட்டும் அறிந்த, இலக்கணம் அறியாத ஓர் இயந்திரமும் அப்பட்டைக்குள் நுழைந்துவிடும்.

சிக்கல் இதோடு முடியவில்லை. சுமார் 7000 குறிகள் 1548 வரிகளில் இருந்தால், அடுத்தடுத்த இணைகள் ஏறத்தாழ 5450 மட்டுமே. 377 குறிகளால் உருவாகக்கூடிய இணைகளோ 1,42,129. பெரும்பாலான இணைகளைத் தொகுப்பு ஒருமுறைகூடக் கண்டிராது. ஒரே ஒருமுறை வந்த குறிக்குப் பின் எது வந்ததோ, அதுவே எப்போதும் வரும் என்று நேரடிக் கணக்கு முடிவு கட்டிவிடும். அங்கு ஐயப்பாடு சுழியமாகும். இதனால் சிறு தொகுப்பில் நிபந்தனை என்ட்ரோபி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இல்லாத ஒழுங்கும் இருப்பதுபோல் தெரியும்.

இப்பிழையைப் பிடிக்க எளிய வழி, அதே 7000 குறிகளை அவற்றின் நிகழ்வெண் மாறாமல் கலைத்துப்போட்டு, அதே கணக்கை மீண்டும் செய்து பார்ப்பது. கலைத்த தொகுப்பிலும் ஐயப்பாடு குறைந்தால் அக்குறைவு மாதிரியின் சிறுமையால் வந்தது. அதற்கு மேற்பட்டு மூலத் தொகுப்பில் எஞ்சும் குறைவு மட்டுமே வரிசையின் பங்கு.

மும்பைக் குழுவின் பின்னைய பணிகளே இதில் கூடுதல் வலுவுடையவை. 2010இல் யாதவ் முதலியோர் வெளியிட்ட கட்டுரையில், ஒரு குறியின் என்ட்ரோபி ஏறத்தாழ 6.7 பிட் என்றும், முந்தைய குறியை அறிவதால் அதில் ஏறத்தாழ 2.2 பிட் குறைகிறது என்றும் கணக்கிட்டனர். சம வாய்ப்பில் வந்திருந்தால் 417 குறிகளுக்கு 8.7 பிட் இருந்திருக்கும். அந்த 8.7இலிருந்து 6.7க்கு இறங்கியது நிகழ்வெண்ணால். அதற்கடுத்த 2.2 பிட் இறக்கத்தில்தான் வரிசையின் பங்கைத் தேட வேண்டும். அதிலும் மாதிரியின் சிறுமையால் வந்ததைக் கழித்தாக வேண்டும். வேறொரு தடயமும் உண்டு. வரியின் இறுதியில் வரும் குறிகளில் 80 விழுக்காட்டை 23 குறிகளே நிரப்புகின்றன. தொடக்கத்தில் அதே பங்கை நிரப்ப 82 குறிகள் தேவைப்படுகின்றன. கலைத்துப்போட்ட சீட்டுகளில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இத்தகைய வேறுபாடு தோன்றாது.

எனினும் வரிசை உண்டு என்பதிலிருந்து மொழி உண்டு என்பது தானாகப் பெறப்படாது. கட்டங்களும் மரபுகளும் உள்ள மொழியல்லாக் குறி முறைகளிலும் வரிசை உண்டு. தம் எண்கள் மொழி என்பதை நிறுவவில்லை, பிற சான்றுகளோடு சேர்ந்து அக்கருதுகோளின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதே ராவ் குழுவினர் 2010இல் ஸ்ப்ரோட்டுக்கு அளித்த மறுமொழியின் சாரம்.

இன்றைய கணினி உரைகளுக்கும் இவ்வரலாறு பொருந்துகிறது. பெரிய மொழி மாதிரிகள் நிகழ்வெண்ணோடு நீண்ட சூழலையும் கற்றவை. அவற்றின் முன் சொற்பரவல் சோதனை எளிதில் தோற்கும். எளிதில் ஊகிக்கத்தக்க சொற்கள் மிகுந்திருப்பதையே இயந்திரத்தின் அடையாளமாகக் கொண்டால், குறைந்த சொல்வளத்தோடு எழுதும் மனிதரும் சிக்குவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் சரிபாதிக்கும் மேற்பட்டவற்றைக் கண்டறி கருவிகள் இயந்திர எழுத்தென்று முத்திரையிட்டதாக 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒட்டுகள் சேர்ந்து சொல்வடிவங்கள் பெருகும் தமிழிலோ, ஒருமுறை மட்டும் வரும் வடிவங்கள் ஆங்கிலத்தைவிட மிகும். ஒரு பக்கக் கட்டுரையில் எடுக்கும் சொல் என்ட்ரோபி, 5450 இணைகளில் எடுத்ததைவிட நம்பகமானதாக இருக்க வழியில்லை. ஒரு மாணவரின் எழுத்தை அந்த எண்ணைக் கொண்டு ஐயுறுமுன் எதோடு ஒப்பிட்டு அது பெறப்பட்டது, எத்தனை சொற்களிலிருந்து பெறப்பட்டது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.